கொழுக்குமலை விடியல்: எந்த நாள், எத்தனை மணி, எங்கே நிற்பது

கேள்வி: "ஜனவரியில் மூன்று நாள் லீவு போட்டு கொழுக்குமலைக்கு சூரிய உதயம் படமெடுக்கப் போகிறோம். ஏற்கெனவே போனவர்கள் பாதிப் பேர் வெறும் வெள்ளை மூட்டத்தைத்தான் பார்த்தோம் என்கிறார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிற்பது, வானிலையை எப்படிப் பார்ப்பது?"

முதலில் தேதி. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு, ஜனவரி 20-க்கும் பிப்ரவரி 10-க்கும் நடுவில் வார நாட்களாக மூன்றைப் பிடியுங்கள். டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும். கொழுக்குமலையின் கிழக்குச் சரிவு நேராக போடி, தேனி சமவெளியைப் பார்த்து இறங்குகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று வீசினால் அதை முதலில் வாங்கிக்கொள்வது இந்தச் சரிவுதான். அந்தக் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, நீங்கள் நிற்கும் இடத்திலேயே மேகமாகிவிடும். உங்கள் நண்பர்கள் பார்த்த வெள்ளை மூட்டம் பெரும்பாலும் இதுதான். பிப்ரவரி நடுப்பகுதியைத் தாண்டினால் சிக்கல் வேறு மாதிரி. புல் காய்ந்து, காட்டுத்தீப் பருவம் தொடங்கி, சமவெளி முழுக்கப் புகையும் தூசியும் மிதக்கும். மேகம் இருக்காது, தெளிவும் இருக்காது.

இனி நேரக் கணக்கு. கொழுக்குமலையில் ஜனவரி 10 வாக்கில் சூரிய உதயம் காலை 6:42, ஜனவரி 25-ல் 6:44. மூன்று நாள் பயணத்துக்குள் இது மாறாது, எனவே 6:44 என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணைச் சுற்றித் திட்டம் போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. படத்துக்கான வெளிச்சம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும்போது, அதாவது 6:21 வாக்கில், கிழக்கில் ஆரஞ்சுப் பட்டையும் அதற்கு மேலே நீலமும் சேர்ந்து நிற்கும். கீழே மேகக்கடல் இருந்தால் அது இளநீலமாகவும், அதன் அலைமேடுகள் மட்டும் லேசான ரோஜா நிறத்திலும் தெரியும். அந்த வண்ணம் பத்து நிமிடம் தாங்கும். சூரியன் வந்த பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் அது திரும்பி வராது.

நம் ஊரில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. கொழுக்குமலையின் அட்சரேகை வடக்கே 10 டிகிரி. அங்கே சூரியன் மணிக்குப் பதின்மூன்று டிகிரிக்கும் மேலாக உயர்ந்துவிடும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி வரை உள்ள மென்மையான மஞ்சள் வெளிச்சத்தைத்தான் கோல்டன் ஹவர் என்கிறோம். பெயரில்தான் ஒரு மணி நேரம். கொழுக்குமலையில் அது அரை மணி நேரம்தான். ஐரோப்பியப் படக்கலைஞர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, காலை உணவு முடித்துக்கொண்டு நிதானமாக எடுக்கலாம் என்று நினைத்தால் வெளிச்சம் வெளுத்திருக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது 6:10 முதல் 7:15 வரை ஒரு மணிச் சொச்சம்.

செயலி சொல்லும் உதய நேரம் சமதளத்தில் நிற்பவருக்கானது. கொழுக்குமலை சுமார் 2,170 மீட்டர் உயரம். கீழே போடிப் பக்கத்துச் சமவெளி ஏறக்குறைய 1,800 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. அதனால் உங்கள் அடிவானம் ஒரு டிகிரிக்கும் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். காற்று முற்றிலும் தெளிவாக இருந்தால் சூரியன் நான்கைந்து நிமிடம் முன்பே தலைகாட்டும். நடைமுறையில் அடிவானத்தை ஒட்டி ஒரு தூசிப்பட்டை இருக்கும். சூரியன் அதைத் தாண்டி மேலே வந்த பிறகே தெரியும். அதனால் தாமதமாகவும் வரலாம். 6:35-க்கே விரல் ஷட்டரில் இருக்கட்டும், 6:55 வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.

இதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6:05-க்கு ட்ரைபாட் விரித்து, ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் முடித்திருக்க வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் தேர்ந்த பாறைக்கு, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், பையைச் சுமந்துகொண்டு இருபது நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுக்குமலை தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கிருந்து கரடுமுரடான ஜீப் பாதையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே சூரியநெல்லியில் 4:15-க்கு ஜீப் நகர வேண்டும். முந்தின நாள் மாலையே ஓட்டுநரிடம் பேசி நேரத்தை உறுதி செய்துவிடுங்கள். "ஐந்து மணிக்குப் போனால் போதும் சார்" என்று யாராவது சொன்னால், சூரியன் கண்ணுக்குத் தெரிவதை வைத்து அவர் கணக்குப் போடுகிறார். நீங்கள் 6:21-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். அதை விளக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். ஜீப்புகளை மேலே விடும் நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறும் என்பதால் அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு குறுக்கே வந்தால் ஒரே மாற்று, மேலே எஸ்டேட் பகுதியில் தங்குவது. முடிந்தால் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்கும் வேலையும் அதில் எளிதாகிவிடும்.

அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடியற்காலையில் முதல்முறையாக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், இருட்டில் கூட்டம் நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள். கொழுக்குமலையில் அந்த இடம் சிங்கப்பாறை. பாறை நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் மேல் ஆள் மாற்றி ஆள் ஏறிப் படமெடுத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு மேலே போய்விடுங்கள். அப்போது சூரியன் மேற்கே இருக்கும், கிழக்குச் சரிவு நிழலில் கிடக்கும். படத்துக்கு உதவாத வெளிச்சம், இடம் தேட அருமையான வெளிச்சம்.

கையில் திசைகாட்டி வேண்டும். ஃபோனில் உள்ளதே போதும். ஆனால் ஜீப்பை விட்டும் உலோக ட்ரைபாடை விட்டும் நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள், இல்லையென்றால் முள் பொய் சொல்லும். ஜனவரி 10 வாக்கில் சூரியன் 112 டிகிரியில், அதாவது நேர்க்கிழக்கிலிருந்து 22 டிகிரி தெற்கே தள்ளி எழும். பிப்ரவரி 1-ல் 107 அல்லது 108. மார்ச் 20-ல்தான் நேர்க்கிழக்கு. இணையத்தில் நீங்கள் பார்த்து ரசித்த படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்க்காமல் அதே இடத்தில் நின்றால், அந்தப் படத்தில் பாறைக்கு நேர்மேலே இருந்த சூரியன் உங்கள் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் 24 டிகிரி நகர்ந்துவிடுகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 70 மில்லிமீட்டர் லென்ஸ் பார்ப்பதே குறுக்குவாக்கில் 29 டிகிரிதான்.

திசை தெரிந்ததும் கையை முழுக்க நீட்டி, அந்தத் திசையில் அடிவானத்தை மறைக்கும் மேடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிய கையின் முஷ்டி அகலம் சுமார் பத்து டிகிரி, ஒரு விரல் இரண்டு டிகிரி. பக்கத்து முகடு இரண்டு விரல் உயரம் நின்றால் சூரியன் உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம் தாமதமாக வரும். பொன்னொளியில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிட்டு, முகட்டோரமாகவே கொஞ்சம் நகர்ந்து பாருங்கள்.

மூன்று இடங்களைத் தேர்ந்து வையுங்கள், ஆனால் மூன்றும் ஒரே காட்சிக்காக இருக்கக் கூடாது. ஒன்று, நீங்கள் போகும் தேதிக்குரிய திசையில் சூரியனும் கீழே பள்ளத்தாக்கும், முன்னால் ஒரு பாறை விளிம்பும் வரும் இடம். இரண்டாவது, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிற்கும் இடம். முதல் வெயில் தொடும்போது எதிரே எந்தப் பாறைமுகம் சிவக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சிவப்பு ஐந்து நிமிடம்கூட நிற்காது, எல்லோரும் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் யாரும் அதை எடுப்பதில்லை. மூன்றாவது, தேயிலை வரிசைகள் வெயிலுக்குக் குறுக்காக ஓடும் ஒரு சரிவு. 7 மணிக்கு மேல் ஒவ்வொரு வரிசையும் அடுத்ததன் மேல் நிழல் வீசும்போது அங்கே போய்விடலாம். ஒவ்வோர் இடத்திலும் ட்ரைபாட் கால் ஊன்றும் புள்ளியை ஃபோனில் படமெடுத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு எத்தனை அடி என்பதை அடி வைத்து எண்ணுங்கள். பனியில் நனைந்த புல் காலை வாரும், இருட்டில் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து நேரம் பார்த்து, இருட்டுக்காக அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

வானிலைக்கு வருவோம். பொதுவான வானிலைச் செயலியில் சூரியநெல்லி என்று அடித்து, "பகுதி மேகமூட்டம்" என்று வருவதைப் படிப்பதில் பயன் இல்லை. உலக வானிலை மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கொழுக்குமலை போன்ற கூர்மையான முகடு அந்தச் சதுரத்துக்குள் சராசரியாகி, தட்டையான மேடாக மாறிவிடுகிறது. அந்த மாதிரிக்கு நீங்கள் நிற்கும் உயரமே தெரியாது. எனவே தரைமட்ட முன்னறிவிப்பை விட்டுவிட்டு, உயர அடுக்குகளில் ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். விண்டி செயலியில் ஈரப்பத அடுக்கைத் தேர்ந்து, ஓரத்தில் உள்ள உயரக்கோலை நகர்த்தினால் 1,500 மீட்டர் (850h), 2,000 மீட்டர் (800h), 3,000 மீட்டர் (700h) என்று தனித்தனியாகக் காட்டும். காலை ஆறு மணிக்கு நேரத்தை வைத்து மூன்றையும் பாருங்கள்.

1,500 மீட்டரில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல், 2,000-லும் 3,000-லும் 60-க்குக் கீழ் என்றால் அதுதான் நீங்கள் தேடும் காலை. ஈரம் கீழே அடைபட்டிருக்கிறது, மேலே உலர்காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. மேகம் உங்கள் காலுக்குக் கீழே கடலாகக் கிடக்கும். 2,000 மீட்டரிலும் 95 என்று காட்டினால் நீங்கள் மேகத்துக்குள் நிற்பீர்கள்; உங்கள் நண்பர்கள் போன நாள் இப்படித்தான் இருந்திருக்கும். மூன்று உயரத்திலும் வறட்சி என்றால் சூரியன் வரும், மேகக்கடல் இராது, கீழே தூசி மட்டும் தெரியும். இந்த எண்களைக் கோடு கிழித்த எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுக்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் சேதி சொல்லும்.

அதே உயரக்கோலில் காற்றையும் பாருங்கள். 1,500 மீட்டரில் கிழக்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வீசினால், அடியில் கிடக்கும் மேகத்தை அது சரிவில் தள்ளி ஏற்றிவிடும். ஈரப்பதக் கணக்கு நன்றாக இருந்தும் மூட்டம் வருவதற்கு வழக்கமான காரணம் இது. காற்று மெலிந்திருக்க வேண்டும், இரவு வானம் திறந்திருக்க வேண்டும். முந்தின நாள் சமவெளியில் மழை தூறி, மாலையில் வானம் வெளுத்தால் அடுத்த விடியலைத் தவற விடவே கூடாது. நிலத்தில் ஈரம் இருக்கிறது, தெளிந்த இரவில் அது நன்றாகக் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்துதான் மேகக்கடல் உண்டாகிறது.

பலர் மறக்கும் மூன்றாவது சங்கதி உயர்மேகம். தலைக்கு மேலே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும், ஆனால் உதயத்தில் நிறமே வராது. அடிவானச் சூரியனின் கதிர் மிகச் சாய்வாக வருவதால், 10 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மேகம் 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வழியை அடைத்துவிடும். கொழுக்குமலையிலிருந்து 112, 113 டிகிரியில் கோடு இழுத்தால் அது திருமங்கலத்துக்குச் சற்றுத் தெற்கே போய், இராமநாதபுரத்தைத் தொட்டு, மன்னார் வளைகுடாவின் வடமுனை வழியாக மன்னார் தீவையும் தாண்டி வவுனியாப் பக்கம் போகிறது. உங்கள் விடியலின் நிறம் அந்தக் கோட்டின் மேல்தான் முடிவாகிறது. இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை 3:45-க்கும் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைத் திறந்து, இராமநாதபுரத்திலிருந்து மன்னார் வரை வெண்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரண்டு படங்களையும் ஒப்பிட்டு அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேல் மெல்லிய உயர்மேகமும் அந்தக் கோட்டில் இடைவெளியும் இருந்தால், சூரியன் வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் மேகத்தின் அடிவயிறு முழுக்கச் சிவக்கும். ஒன்று எச்சரிக்கிறேன்: இரவு நேர அகச்சிவப்புப் படத்தில் தாழ்வான மேகம் சரியாகத் தெரியாது. அதன் வெப்பநிலை தரையின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். தாழ்மேகத்துக்கு ஈரப்பத அடுக்கு, உயர்மேகத்துக்குச் செயற்கைக்கோள் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியநெல்லியில் தங்கியிருந்தால் இன்னொரு தவறான முடிவுக்கு இடம் உண்டு. விடியற்காலை கதவைத் திறக்கும்போது தெருவிலேயே மூடுபனி இருந்தால் "இன்று வேண்டாம்" என்று படுத்துவிடாதீர்கள். ஊர் முகட்டுக்கு மேற்கே, வெகு தாழ்வில் இருக்கிறது. அங்கே மூடுபனி என்றால், மேலே தெளிவாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. முடிவை 2,000 மீட்டர் ஈரப்பதமும் காற்றும் சொல்லட்டும். இரண்டும் சாதகமென்றால் பனிக்குள்ளேயே கிளம்பிவிடுங்கள்.

மூன்று நாளை இப்படிப் பகுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மதியம் இடம் பார்ப்பது, மாலை மேற்குப் பக்கம். ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் தேயிலைச் சரிவுகளும் சாயும் வெயிலில் நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் விடியல் முதல் முயற்சி. அது நன்றாக அமைந்தாலும் மூன்றாம் நாள் விடியலைக் கைவிடாதீர்கள். முதல் முயற்சியில் சூரியனைப் பிடித்துவிட்டால் இரண்டாவதில் அந்தச் சிவக்கும் பாறைமுகத்துக்குப் போகலாம். அதனால்தான் மூன்றாம் நாள் காலையில் ஊர் திரும்பும் வண்டியைப் பத்து மணிக்கு முன் வைக்க வேண்டாம் என்கிறேன்.

மேலே எடுக்கும்போது சில சங்கதிகள் மட்டும். 6:10-லிருந்து ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் சில விநாடிகள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். சமவெளியில் தெரியும் ஒரு விளக்கின் மேல் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மேகக்கடல் கிடந்தால் விளக்குகள் தெரியாது, அப்போது ஒரு பிரகாசமான நட்சத்திரம் போதும். சூரியன் விளிம்பில் தோன்றியதும் வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்துக்குள் அடங்காது. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்து வையுங்கள். குளிரில் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும். படத்தில் அது விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமாகத் தெரியும். கண்ணாடி மங்கலாகத் தெரியும் வரை காத்திருக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துத் துடையுங்கள். உபரி பேட்டரி சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, கீழே கிடந்த மேகம் சரிவைப் பிடித்து மேலே தவழத் தொடங்கும். பாறை இடுக்குகளில் மெல்லிய புகைபோல மேகத் துணுக்குகள் எழுவதுதான் அறிகுறி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் நீங்கள் நிற்கும் இடமும் மூடிவிடும். அதற்குள் மூன்றாவது இடமான தேயிலைச் சரிவுக்கு இறங்கிவிடுங்கள். ஒருவேளை விடியும்போதே மூட்டமாக இருந்தால் ஜீப்பைத் திருப்பச் சொல்லாமல் 8:30 வரை இருங்கள். காற்று கொஞ்சம் மாறினாலும் மேகம் கிழிந்து, ஒரு நிமிடம் பள்ளத்தாக்கு திறக்கும். அதுவரை பனிக்குள் நிற்கும் மரங்களையும் தேயிலைப் பாதைகளையும் எடுங்கள். வெள்ளையாக இருப்பதையெல்லாம் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.